இரண்டு பின்னூட்டப் பாதைகள், ஒரு கெபாசிட்டர்: உள்ளீட்டு மின்தடை ஏன் 100 கிலோ ஓமில் நிற்கிறது?

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 3, இரவு 9.14

இரண்டு டிரான்சிஸ்டர் முன்பெருக்கி ஒன்றைத் துளைப்பலகையில் கட்டியிருக்கிறேன். பழைய டேப் ரிக்கார்டர்களில் வரும் அதே அமைப்பு. இரண்டும் பிசி 549, மின்வழங்கி 12 வோல்ட்.

முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 100 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம். அதன் கலெக்டர் நேராக இரண்டாவதன் பேஸுக்குப் போகிறது. இரண்டாவதன் கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 680 ஓம். வெளியீடு இரண்டாவது கலெக்டரிலிருந்து.

திரும்பி வரும் பாதைகள் இரண்டு. ஒன்று, இரண்டாவது கலெக்டரிலிருந்து 47 கிலோ ஓமும் 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் தொடராக, முதல் எமிட்டருக்கு. மற்றொன்று, இரண்டாவது எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக முதல் பேஸுக்கு. சிக்னல் 1 மைக்ரோ ஃபாரட் வழியாக அதே பேஸுக்குள் நுழைகிறது.

1 கிலோ ஹெர்ட்ஸில் 10 மில்லி வோல்ட் கொடுத்தால் 455 மில்லி வோல்ட் வருகிறது. ஜெனரேட்டருக்கும் உள்ளீட்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் வைத்தால் 226 ஆகக் குறைகிறது. ஆக, உள்ளீட்டு மின்தடை ஏறக்குறைய 99 கிலோ ஓம். என் கணக்கிலோ 7.6 மெகா ஓம் வந்தது. விடுதியில் என் அறைத்தோழன் இது ஷண்ட்–சீரீஸ், சில நூறு ஓம்தான் இருக்க வேண்டும் என்கிறான். அளவீடு எங்கள் இருவரையுமே மதிக்கவில்லை. இது எந்த வகைப் பின்னூட்டம்?

மூன்றுகால் · பிப்ரவரி 3, இரவு 9.40

அறைத்தோழன் சொல்வதே சரி. இரண்டாவது எமிட்டரிலிருந்து முதல் பேஸுக்கு மின்தடை வந்தால் அது மின்னோட்டத்தை அளவெடுத்து மின்னோட்டமாகவே கலக்கிற ஷண்ட்–சீரீஸ். தேர்வில் இந்தப் படத்தைப் பத்து முறை பார்த்திருக்கிறேன். அளவீட்டை மறுபடி செய்யுங்கள். புரோபை பேஸில் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்துதான் காட்டும்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 3, இரவு 9.52

புரோபை பேஸில் வைக்கவே இல்லை, அண்ணா. வெளியீட்டைத்தான் இரண்டு முறையும் பார்த்தேன். பேஸைத் தொட்டால் ஹம் ஏறுகிறது.

வீணைவீடு · பிப்ரவரி 3, இரவு 10.20

உள்ளீட்டு மின்தடை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் வீணையில் ஒட்டும் பீசோ வில்லைக்கு இதே இரண்டு டிரான்சிஸ்டர் பெட்டியைத்தான் பல வருடமாக வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் மந்தர ஸ்தாயி கேட்பதே இல்லை, தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது. பீசோவை மாற்றியும் பார்த்துவிட்டேன். எஃப்இடி வைத்த பெட்டி வாங்கினால் சரியாகுமா?

மூன்றுகால் · பிப்ரவரி 3, இரவு 10.31

அம்மா, அது தனி இழையாகத் தொடங்க வேண்டிய கேள்வி.

பழையவால்வு · பிப்ரவரி 4, காலை 6.05

தம்பி, 680 ஓமுக்கு இணையாக ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறதா இல்லையா? அதை நீ எழுதவில்லை. அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 4, காலை 7.30

இருக்கிறது ஐயா, 100 மைக்ரோ ஃபாரட். பைபாஸ்தானே என்று விட்டுவிட்டேன்.

டிசி அளவுகளையும் சேர்க்கிறேன்: முதல் கலெக்டர் 1.4 வோல்ட், முதல் எமிட்டர் 0.1, இரண்டாவது எமிட்டர் 0.74, இரண்டாவது கலெக்டர் 6.9.

பழையவால்வு · பிப்ரவரி 4, காலை 8.10

அந்தக் கெபாசிட்டரில்தான் உன் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த முனையில் ஏசி சிக்னல் இருக்கிறதா என்பதை முதலில் கேள். 1 கிலோ ஹெர்ட்ஸில் 100 மைக்ரோ ஃபாரட் என்பது 1.6 ஓம். இரண்டாவது எமிட்டர் ஏசி கணக்கில் தரை. தரையிலிருந்து பேஸுக்கு வரும் 100 கிலோ ஓம் எதைத் திருப்பிக் கொண்டுவரும்? ஒன்றையும் கொண்டுவராது. அது டிசியை நிலைநிறுத்தும் பாதை. டிரான்சிஸ்டரை மாற்றினாலும் அறை சூடானாலும் அந்த 0.74 வோல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். டிசிக்கு அது ஷண்ட்–சீரீஸ் என்பதில் மூன்றுகால் சொல்வது சரி. சிக்னலுக்கு அது வெறும் பயாஸ் மின்தடை.

மிஞ்சுவது 47 கிலோ ஓம் பாதை. அதை இரண்டு கேள்விகளால் சோதி. வெளியீட்டை ஏசி கணக்கில் தரையோடு சேர்த்தால் பின்னூட்டம் செத்துவிடுமா? செத்துவிடும், அது கலெக்டரிலிருந்தே கிளம்புகிறது. எனவே அது மின்னழுத்தத்தைப் பார்க்கிறது. திரும்பிய சிக்னல் உள்ளீடு நுழையும் அதே காலில் வருகிறதா, வேறு காலிலா? சிக்னல் பேஸில், பின்னூட்டம் எமிட்டரில். எனவே தொடர்க் கலப்பு. ஆக சீரீஸ்–ஷண்ட்.

குறியையும் ஒரு முறை சுற்றிப் பார். பேஸ் மேலே போனால் முதல் கலெக்டர் கீழே, இரண்டாவது கலெக்டர் மேலே, முதல் எமிட்டர் மேலே. பேஸும் எமிட்டரும் சேர்ந்து ஏறினால் இடையில் உள்ள வித்தியாசம் சுருங்கும். எதிர்ப் பின்னூட்டம்தான்.

மூன்றுகால் · பிப்ரவரி 4, காலை 9.02

மின்னழுத்தத்தைப் பார்க்கிறது என்பதற்கு அளவீட்டுச் சான்று வேண்டும். படத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லலாம்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 4, மாலை 6.45

வெளியீட்டில் ஒரு கெபாசிட்டர் வழியாக 10 கிலோ ஓம் சுமை வைத்தேன். 455 என்பது 445 ஆனது. பின்னூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் 30 சதவீதம் விழுந்திருக்க வேண்டும். சுமை ஏறியும் மின்னழுத்தம் அசையவில்லை, அதனால் மின்னழுத்தத்தைத்தான் காக்கிறது. போதுமா அண்ணா?

மூன்றுகால் · பிப்ரவரி 4, மாலை 7.10

போதும்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 4, இரவு 11.20

இப்போது கணக்கு. முதலில் நான் எமிட்டரைத் தரையில் வைத்துத் திறந்த வளையப் பெருக்கத்தை எடுத்தேன். அப்படிச் செய்ததில் 4,700 வந்தது. 48ஆல் வகுத்து ஒன்று கூட்டி, பெருக்கம் 47.5 என்றும் உள்ளீடு 7.6 மெகா ஓம் என்றும் எழுதினேன். அளந்தது 45.5. நான்கு சதவீதம்தானே என்று விட்டிருப்பேன், ஆனால் தவறு என்று இப்போது தெரிகிறது.

வளையத்தை வெட்டினாலும் அந்த மின்தடைகள் பலகையை விட்டுப் போய்விடுவதில்லை. வெளியீட்டைத் தரையோடு சேர்த்தால் முதல் எமிட்டரில் 1 கிலோ ஓமும் 47 கிலோ ஓமும் இணையாக நின்று 979 ஓம். எமிட்டர் பக்கம் திறந்துவிட்டால் இரண்டாவது கலெக்டரில் 4.7 கிலோ ஓமுக்கு இணையாக 48 கிலோ ஓம், அதாவது 4.28 கிலோ ஓம். முதலாவதில் ஓடுவது 0.1 மில்லி ஆம்பியர், எமிட்டர் உள்தடை 253 ஓம். இரண்டாவதில் 1.09 மில்லி ஆம்பியர், அதன் ஜிஎம் வோல்ட்டுக்கு 41.9 மில்லி ஆம்பியர். பீட்டா 300 என்று வைத்தேன். அப்போது இரண்டாவதன் பேஸ் 7.16 கிலோ ஓம், முதல் கலெக்டரின் மொத்தச் சுமை 6.68 கிலோ ஓம்.

```
A1 = 6.68 / (0.253 + 0.979) = 5.42
A2 = 41.9 × 4.28 = 179
A  ≈ 970
B  = 1 / (1 + 47) = 1/48
1 + AB = 21.2
Af = 970 / 21.2 ≈ 45.8
```

பேஸில் பார்த்தால் திறந்த வளையத்தில் 76 கிலோ ஓம் + 301 × 979 ஓம், அதாவது 371 கிலோ ஓம். அதை 21.2ஆல் பெருக்கினால் 7.9 மெகா ஓம். பெருக்கம் 45.8, சரி. ஆனால் 7.9 மெகா ஓம் என்பது அளவீட்டோடு இன்னும் மோதுகிறதே?

பழையவால்வு · பிப்ரவரி 5, காலை 5.50

மோதவில்லை. 7.9 மெகா ஓம் பேஸுக்குள் பார்த்தது. 21.2 மடங்கு உயர்வது வளையத்துக்குள் இருக்கும் மின்தடை மட்டுமே. உன் 100 கிலோ ஓம் பேஸிலிருந்து ஏசி தரைக்குப் போகிறது. எமிட்டர் சேர்ந்து ஏறுவதால் அதன் மீது எந்தச் சலுகையும் கிடைக்காது. உள்ளீட்டின் முழு மின்னழுத்தமும் அதன் குறுக்கே விழுகிறது. 100 கிலோ ஓமும் 7.9 மெகா ஓமும் இணையாக 98.7 கிலோ ஓம். வாசலில் 100 ரூபாய்க் காவல்காரன் இருக்கும்போது உள்ளே 8,000 ரூபாய்ப் பூட்டு போட்டு என்ன பயன்?

45.8க்கும் 45.5க்கும் உள்ள வித்தியாசம் உன் ஜெனரேட்டரின் வெளியீட்டு மின்தடை. 600 ஓம் என்று நினைக்கிறேன். ஆனால் 5 சதவீத மின்தடைகளை வைத்துக்கொண்டு மூன்றாவது இலக்கம் பொருந்தியதற்காக மகிழ்ச்சி அடையாதே.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 5, காலை 8.15

600 ஓம்தான். மகிழ்ச்சி அடைந்துவிட்டேன்.

மூன்றுகால் · பிப்ரவரி 5, பிற்பகல் 1.30

சரி, அந்தக் கெபாசிட்டரைப் பிடுங்கினால் என்ன ஆகும்? என் கணிப்பு: இரண்டாவது நிலையின் பெருக்கம் 179லிருந்து 6க்கு விழும், மொத்தப் பெருக்கமும் அதே விகிதத்தில் நொறுங்கும். 455க்குப் பதில் 20 மில்லி வோல்ட்கூட வராது. ஒரு டீ பந்தயம்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 5, இரவு 8.40

பிடுங்கினேன். 401 மில்லி வோல்ட்.

இரண்டு முறை பார்த்தேன். அதே 401. கெபாசிட்டர் உண்மையிலேயே கையில்தான் இருக்கிறது.

பழையவால்வு · பிப்ரவரி 5, இரவு 9.05

100 கிலோ ஓமைத் தொடரில் வைத்து மறுபடி அள. அதற்குப் பிறகு பேசலாம்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 5, இரவு 9.22

48 மில்லி வோல்ட்! முன்பு 226 வந்த இடத்தில்.

கணக்குப் போட்டால் உள்ளீட்டு மின்தடை 13 கிலோ ஓம். பெருக்கம் ஏறக்குறைய அப்படியே, உள்ளீடு மட்டும் எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

பழையவால்வு · பிப்ரவரி 5, இரவு 10.30

மூன்றுகால் இரண்டாவது நிலையைச் சரியாகக் கணக்கிட்டார். முதல் நிலையை மறந்துவிட்டார். பைபாஸ் போனதும் இரண்டாவதன் பேஸ் மின்தடை 7 கிலோ ஓமிலிருந்து 212 கிலோ ஓமுக்கு ஏறுகிறது. முதல் கலெக்டரின் சுமை 6.68லிருந்து 68 கிலோ ஓம் ஆகிறது. முதல் நிலையின் பெருக்கம் 5.4 என்பது 55 ஆகிவிடும். 55 × 6 என்பது 334. திறந்த வளையம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, 1 + AB 21லிருந்து 8க்கு வந்தது. மூடிய வளையப் பெருக்கம் 42.

உள்ளீடு வேறு கதை. இப்போது இரண்டாவது எமிட்டர் தரை அல்ல. அதில் சிக்னல் இருக்கிறது, அதுவும் தலைகீழாக. வெளியீடு 42 மடங்கு என்றால் கலெக்டர் மின்னோட்டம் அதை 4.28 கிலோ ஓமால் வகுத்தது. அதே மின்னோட்டம் 680 ஓமில் ஓடினால் எமிட்டரில் உள்ளீட்டைப் போல 6.7 மடங்கு, எதிர்க் குறியில். பேஸ் 1 மில்லி வோல்ட் ஏறும்போது 100 கிலோ ஓமின் மறுமுனை 6.7 இறங்குகிறது. அதன் குறுக்கே 7.7 மில்லி வோல்ட். மூலத்துக்கு அது 100 ஓமை 7.7ஆல் வகுத்த மாதிரித் தெரியும்: 13 கிலோ ஓம்.

திருத்தம்: 100 ஓம் அல்ல, 100 கிலோ ஓம். கண்ணாடியை மாற்ற வேண்டும்.

இப்போது உன் அறைத்தோழன் சொன்ன ஷண்ட்–சீரீஸும் உயிரோடு வந்துவிட்டது. இரண்டு வளையங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எமிட்டர் வழி வருவது மின்னழுத்தப் பெருக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, பேஸ் வழி வருவது உள்ளீட்டைத் தின்கிறது. 600 ஓம் ஜெனரேட்டரை வைத்து மட்டும் பழுது பார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். அவருக்கு ஒரு டெசிபெல் குறைவு, அவ்வளவுதான். மூலத்தின் மின்தடை 47 கிலோ ஓமாக இருந்தால் 10 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும்.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு ரெக்கார்ட் பிளேயரைப் பெஞ்சில் வைத்து ஜெனரேட்டரால் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அது மீண்டும் வந்தது. மூன்றாவது முறை வந்தபோதுதான் அந்த எமிட்டர் கெபாசிட்டரை எடுத்து அளந்தேன். காய்ந்து போயிருந்தது.

மூன்றுகால் · பிப்ரவரி 5, இரவு 10.44

டீ நான் தருகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பெருக்கத்தை மட்டும் அளந்து வகையைச் சொல்ல முடியாது என்று ஆகிறது. கெபாசிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றே.

பழையவால்வு · பிப்ரவரி 6, காலை 6.00

ஆமாம். உள்ளீட்டு மின்தடையையும் அளந்தால்தான் தெரியும்.

வீணைவீடு அம்மா, உங்கள் கேள்வி தனி இழைக்குப் போக வேண்டியதே இல்லை. பீசோ வில்லை என்பது சுமார் 20 நானோ ஃபாரட் கெபாசிட்டர் போன்றது. அது 99 கிலோ ஓமைப் பார்த்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் குறையத் தொடங்கும். 13 கிலோ ஓமைப் பார்த்தால் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியும். மந்தரம் முழுக்க அதற்குள் அடக்கம். எஃப்இடி பெட்டி வாங்குவதற்கு முன் பழைய பெட்டியில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டர் கெபாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள். துருவம் மாறிவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

வீணைவீடு · பிப்ரவரி 9, மாலை 5.15

மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் பையன் பழையதை அளந்து 2 மைக்ரோ ஃபாரட் என்றான், மேலே 47 என்று எழுதியிருக்கிறது. அனுமந்தரத் தந்தி மறுபடி கேட்கிறது. முன்பு போல முழுதாக இல்லை, ஆனால் தகரச் சத்தம் போய்விட்டது. இத்தனை நாள் பீசோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 10, இரவு 11.50

கெபாசிட்டரைத் திரும்ப வைத்துவிட்டு அதிர்வெண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். 1 மைக்ரோ ஃபாரட் உள்ளீட்டுக் கெபாசிட்டரும் 99 கிலோ ஓமும் என்றால் 1.6 ஹெர்ட்ஸ் வரை தட்டையாக இருந்து பிறகு குறைய வேண்டும். ஆனால் 6 ஹெர்ட்ஸ் அருகே வெளியீடு *கூடுகிறது*, 1 கிலோ ஹெர்ட்ஸில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு. அளவுக்கருவியில் கோளாறா?

பழையவால்வு · பிப்ரவரி 11, காலை 6.20

கருவியைச் சந்தேகிக்காதே. 6 ஹெர்ட்ஸில் அந்த 100 மைக்ரோ ஃபாரட் 265 ஓம். எமிட்டர் இனித் தரை அல்ல, ஆனால் அங்குள்ள சிக்னல் கட்டம் பின்தங்கி வருகிறது. அதனால் 100 கிலோ ஓமில் ஓடும் மின்னோட்டமும் பின்தங்குகிறது. உள்ளீட்டிலிருந்து பார்த்தால் அது ஒரு மின்தூண்டி போலத் தெரியும். உன் மதிப்புகளுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டேன், 930 ஹென்றி வருகிறது. எந்தக் கடையிலும் கிடைக்காத சுருள். அதுவும் உன் 1 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்து 5 ஹெர்ட்ஸில் ஒத்திசைகின்றன.

மூன்றுகால் · பிப்ரவரி 11, காலை 9.30

அப்படியென்றால் உள்ளீட்டுக் கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் மேடு போய்விடும். ஒத்திசைவு 16 ஹெர்ட்ஸுக்கு ஏறினாலும் 100 கிலோ ஓம் அதை நன்றாக அமுக்கிவிடும்.

பழையவால்வு · பிப்ரவரி 11, காலை 9.55

பாட்டுக்கு அது சரி. நானாக இருந்தால் எமிட்டர் கெபாசிட்டரை 1,000 மைக்ரோ ஃபாரட் ஆக்கி, ஒத்திசைவை ஒன்றரை ஹெர்ட்ஸுக்குத் தள்ளுவேன்.

மூன்றுகால் · பிப்ரவரி 11, காலை 10.10

அங்கேயும் மேடு இருக்கும், கீழே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஸ்விட்ச் போடும்போது ஸ்பீக்கர் கோன் குதிக்கும்.

பழையவால்வு · பிப்ரவரி 11, காலை 10.25

குதிக்கட்டும், எனக்குக் கேட்காது.

ஒற்றைத்தடம் · பிப்ரவரி 11, இரவு 9.00

வீட்டில் 1,000 மைக்ரோ ஃபாரட் இல்லை. 0.1 இருக்கிறது. நாளை அதை வைத்து 2 ஹெர்ட்ஸிலிருந்து அளந்து போடுகிறேன்.